நீளமான பொருத்தமே வெல்லும்: பச்சைமலைக்குப் போகும் ஒரு பாக்கெட்டின் கதை



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விதி. இணையத்தில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும், தன் கைக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அடுத்து எந்தக் கம்பியில் அனுப்புவது என்று முடிவுசெய்யும் விதி. இலக்கு முகவரியோடு பட்டியலில் பல வரிகள் பொருந்தினால், அவற்றுள் எது மிக அதிகமான பிட்டுகளுக்குப் பொருந்துகிறதோ அந்த வரியே செல்லும். விதி அவ்வளவுதான். ஆனால் 1993இல் இந்த விதி எழுதப்பட்டபோது, கூடவே இன்னொரு விதியும் எழுதப்பட்டது. முதல் விதியை இயந்திரம் தானாகக் காப்பாற்றிவிடும். இரண்டாவதை மனிதர்தான் காப்பாற்ற வேண்டும். அது மறக்கப்படும் இடங்களில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதே இந்த உரையின் நோக்கம்.

முகவரியும் முன்னொட்டும்

நாம் இங்கே பார்க்கப்போவது ஐபி நான்காம் பதிப்பு முகவரிகளை. ஒவ்வொன்றும் 32 பிட். படிக்க வசதியாக எட்டெட்டு பிட்டாகப் பிரித்து, 10.20.37.9 என்பதுபோல நான்கு எண்களாக எழுதுகிறோம். பிரிபிக்ஸ் என்று பொறியாளர்கள் சொல்லும் முன்னொட்டு, முகவரியின் தொடக்கப் பகுதி மட்டுமே. 10.20.32.0/20 என்று எழுதினால், முதல் 20 பிட்டுகள் இப்படி இருக்க வேண்டும், மீதி 12 பிட்டுகள் எப்படி இருந்தாலும் சரி என்று பொருள். 12 பிட்டுகள் என்றால் 4096 முகவரிகள். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் கூடக்கூட, உள்ளே அடங்கும் முகவரிகள் குறையும்.

அஞ்சல் பின்கோடு இதே மனப்பாங்கில் பிறந்தது. ஸ்ரீரங்கத்துக்கு 620006 என்று எழுதிய கடிதத்தை டில்லியில் பிரிப்பவருக்கு முதல் இலக்கமான 6 போதும், தெற்கே அனுப்பிவிடுவார். 620 என்பதைத் திருச்சிக்கு அருகில் உள்ளவர் பார்த்தால் போதும். கடைசி மூன்று இலக்கங்கள் திருச்சிக்குள் வந்த பிறகுதான் வேலைக்கு வரும். ஆனால் பின்கோட்டில் வெட்டு இலக்கத்துக்கு இலக்கம்தான் விழும். ஐபி முகவரியில் எந்த பிட்டிலும் வெட்டலாம். மேலும், ஒரே முகவரிக்குப் பல அளவில் வெட்டிய வரிகள் ஒரே பட்டியலில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம். சிக்கலும் வசதியும் அந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

இந்த சுதந்திரம் தொடக்கத்தில் இல்லை. 1993 வரை முகவரிகள் வகுப்புகளாகவே வழங்கப்பட்டன. ஏ வகுப்பு வாங்கினால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம், பி வகுப்பு என்றால் 65,536, சி வகுப்பு என்றால் 256. ஆயிரம் கணினி வைத்திருந்த கல்லூரிக்கு சி போதாது, பி மிக அதிகம். பி வகுப்பு முகவரிகள் தீர்ந்துகொண்டே வந்தன. அதற்குப் பதில் சி வகுப்புகளைக் கொத்தாகக் கொடுத்தால் ரவுட்டர்களின் பட்டியல் பெருத்தது. இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தாக, 1993 செப்டம்பரில் ஆர்எப்சி 1519 என்ற ஆவணம் வந்தது. வகுப்புகளை ஒழித்து, எந்த பிட்டிலும் வெட்டலாம் என்றது. பல சிறு முன்னொட்டுகளை ஒரே பெரிய முன்னொட்டாகத் திரட்டி வெளியே அறிவிக்கலாம் என்றது. அப்படித் திரட்டினால் ஒன்றன்மேல் ஒன்று படியும் வரிகள் தவிர்க்க முடியாதவை. ஆகவே, எல்லா இலக்குக்கும் நீளமான பொருத்தத்தையே பின்பற்ற வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தது. இரண்டாவது விதியைப் பிறகு சொல்கிறேன்.

திருச்சியில் ஒரு பட்டியல்

இனி ஒரு கணக்கு போடுவோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றை பைபரால் இணைக்கும் வேலையை மனத்தில் வைத்து, திருச்சியில் ஒரு ரவுட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊர்கள் உண்மை; எண்களும் இணைப்புகளும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த அலுவலகத்தின் பட்டியலும் இது அல்ல.

```
0.0.0.0/0        சென்னை
10.20.0.0/16     திருச்சி மாநகர ரவுட்டர்
10.20.32.0/20    துறையூர்
10.20.48.0/20    ஸ்ரீரங்கம்
10.20.37.0/24    மைக்ரோவேவ், டாப் செங்காட்டுப்பட்டி
```

இடது பக்கம் முன்னொட்டு, வலது பக்கம் அடுத்த கை. டாப் செங்காட்டுப்பட்டி பச்சைமலையின் மேலே உள்ள ஊர். துறையூர் வழியாகப் போய், உப்பிலியபுரம், சோபனபுரம் தாண்டி மலைச்சாலையில் ஏற வேண்டும். நம் கணக்கில் அந்த ஊருக்கு இரண்டு வழிகள். ஒன்று, திருச்சியிலிருந்து இடையில் ஒரு ரிலே கோபுரம் வைத்து நேரே மலைக்குப் போகும் மைக்ரோவேவ் இணைப்பு. மற்றொன்று, துறையூரிலிருந்து மலைச்சாலை ஓரமாக ஏறும் பைபர்.

ஐந்து பாக்கெட்டுகள் வருகின்றன. முதலாவதன் இலக்கு 10.20.37.9. முதல் எட்டு பிட்டு 10, அடுத்த எட்டு 20. ஆகவே /16 வரி பொருந்துகிறது. மூன்றாவது எண்ணான 37ஐ இரும எண்ணில் எழுதினால் 00100101. 32ஐ எழுதினால் 00100000. /20 என்பது மூன்றாவது எண்ணில் முதல் நான்கு பிட்டைத்தான் பார்க்கும். இரண்டிலும் அது 0010. ஆகவே துறையூர் வரியும் பொருந்துகிறது.

```
10.20.32.0/20   00001010.00010100.0010|0000.00000000
10.20.48.0/20   00001010.00010100.0011|0000.00000000
10.20.37.9      00001010.00010100.0010|0101.00001001
```

ஸ்ரீரங்கம் வரி நான்காவது பிட்டில் பிரிந்துவிடுகிறது, பொருந்தாது. /24 வரி மூன்றாவது எண் முழுவதையும் பார்க்கும். 37 அப்படியே இருக்கிறது, பொருந்துகிறது. முதல் வரியான /0 எந்த பிட்டையும் பார்ப்பதில்லை. ஆகவே எப்போதும் பொருந்தும். இப்படி நான்கு வரிகள் பொருந்தின: 0, 16, 20, 24. பெரியது 24. பாக்கெட் மைக்ரோவேவில் போகிறது.

இரண்டாவது இலக்கு 10.20.40.200. நாற்பது என்பது 00101000. முதல் நான்கு பிட்டு 0010. துறையூர் வரி பொருந்துகிறது. /24 பொருந்தவில்லை. துறையூருக்குப் போகிறது. மூன்றாவது 10.20.50.7. ஐம்பது 00110010, முதல் நான்கு 0011, ஸ்ரீரங்கம். நான்காவது 10.20.200.1. இரண்டு /20 வரிகளும் பொருந்தவில்லை. /16 மட்டும் பொருந்துகிறது. மாநகர ரவுட்டருக்குப் போகிறது. ஐந்தாவது 208.65.153.238. இது 10இல் தொடங்கவே இல்லை. எஞ்சியது /0 மட்டுமே, சென்னைக்குப் போகிறது. இந்த ஐந்தாவது முகவரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒருகாலத்தில் யூடியூப்பின் முகவரி.

டீபால்ட் வழி என்று எல்லோரும் சொல்லும் 0.0.0.0/0க்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வேறு எதுவும் கிடைக்காவிட்டால் இதை எடு என்று ரவுட்டருக்குள் தனியாக எழுதிவைக்கவில்லை. அதுவும் மற்ற வரிகளைப் போல ஒரு வரிதான். நீளம் பூஜ்யம் என்பதால் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது, எல்லாவற்றிடமும் தோற்கிறது. ரவுட்டர் தேடும் முறையில் இது தெளிவாகத் தெரியும். முன்னொட்டுகளை ஒரு மரமாக அடுக்கி, வேரிலிருந்து முகவரியின் பிட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தபடி, பூஜ்யமென்றால் இடப்பக்கம், ஒன்றென்றால் வலப்பக்கம் என்று இறங்குவார்கள். வழியில் வரி உள்ள கணுவைக் கடக்கும்போதெல்லாம் அதைக் குறித்துக்கொண்டு, பழைய குறிப்பை அழித்துவிடுவார்கள். மேற்கொண்டு இறங்க வழியில்லாத இடத்தில் கையில் இருக்கும் குறிப்பே விடை. டீபால்ட் வழி அந்த மரத்தின் வேர். பெரிய ரவுட்டர்கள் பல இதையே சிறப்பு நினைவகச் சில்லுகளில், எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டு முடித்துவிடுகின்றன. முறை வேறு, விடை ஒன்றே.

வேகமான வழி ஏன் தோற்றது?

மாணவர்கள் அடிக்கடி இடறும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். பட்டியலில் வரி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது ஒரு பொருட்டே அல்ல. பாதுகாப்புச் சுவரான பயர்வாலில் வரிசை முக்கியம். மேலே உள்ளது முதலில் பொருந்தினால் கீழே பார்க்காது. அந்தப் பழக்கத்தில் ரவுட்டர் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் படிப்பவர்கள் தவறான விடைக்கே வருவார்கள்.

இரண்டாவது இடம் இன்னும் வழுக்கலானது. மலைக்குப் போகும் மைக்ரோவேவ் 100 மெகாபிட் என்றும், துறையூர் வழியான பைபர் 1 ஜிகாபிட் என்றும் வைப்போம். துறையூர் வழிக்குச் செலவு மதிப்பு குறைவு, மைக்ரோவேவுக்கு அதிகம் என்று ஒருவர் மெட்ரிக் எண்களைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். ஒன்றும் மாறவில்லை. மலைக்கான போக்குவரத்து முழுவதும் மெதுவான மைக்ரோவேவிலேயே நெரிகிறது. காரணம், மெட்ரிக் என்பது ஒரே நீளமுள்ள வரிகளுக்குள் நடக்கும் போட்டி. 24க்கும் 20க்கும் இடையே போட்டியே கிடையாது. 24 வென்று முடிந்துவிட்டது. திருத்த வேண்டுமானால் துறையூர் ரவுட்டர் 10.20.37.0/24ஐத் தனியாகவும் அறிவிக்க வேண்டும். அப்போது இரண்டு /24 வரிகள் எதிரெதிரே நிற்கும். மெட்ரிக் பேசத் தொடங்கும். லினக்ஸ் ரவுட்டரானால், எந்த வரி வென்றது என்று ஊகிக்கவே வேண்டாம், நேரடியாகக் கேட்டுவிடலாம்.

```
ip route get 10.20.37.9
```

பட்டியலை முழுவதும் காட்டும் `ip route` கட்டளையைவிட இது பயனுள்ளது. ரவுட்டர் உண்மையில் எடுக்கும் முடிவையே இது சொல்லிவிடும்.

மலைச்சாலையில் பைபர் அறுந்தால்

இனி பழுதுக்கு வருவோம். மழையில் மைக்ரோவேவ் இணைப்பு விழுகிறது. திருச்சி ரவுட்டர் அதைக் கண்டுகொண்டு /24 வரியை நீக்குகிறது. 10.20.37.9க்கு இப்போது மிக நீளமான பொருத்தம் துறையூரின் /20. பாக்கெட் துறையூருக்குப் போகிறது. அங்குள்ள ரவுட்டரின் பட்டியலில் மலைச்சாலை பைபருக்கென்று ஒரு /24 இருக்கிறது. அதன் வழியே ஊருக்குப் போய்விடுகிறது. யாரும் எதுவும் செய்யாமல் மாற்று வழி திறந்துகொண்டது. நீளமான வரி விலகினால் அதற்கடுத்த நீளம் பொறுப்பேற்கும். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதன் பெரும் பயன் இது.

அதே மழையில் மலைச்சாலையில் மண் சரிந்து பைபரும் அறுகிறது. துறையூர் ரவுட்டரிலும் /24 வரி நீங்குகிறது. அந்த ரவுட்டரின் பட்டியலில் இப்போது இருப்பவை, அதனோடு இணைந்த மற்ற ஊர்களின் /24 வரிகளும், திருச்சியை நோக்கிய ஒரு டீபால்ட் வழியும்தான். 10.20.37.9க்கு எந்த /24ம் பொருந்தவில்லை. /0 மட்டும் பொருந்துகிறது. பாக்கெட்டைத் திருச்சிக்கே திருப்பி அனுப்புகிறது. திருச்சி ரவுட்டர் பார்க்கிறது: மிக நீளமான பொருத்தம் /20, துறையூருக்கு அனுப்பு. துறையூர் பார்க்கிறது: /0, திருச்சிக்கு அனுப்பு. இரண்டு ரவுட்டர்களும் தத்தம் பட்டியலின்படி முழுக்கச் சரியாகவே நடந்துகொள்கின்றன. பாக்கெட் மட்டும் நடுவில் ஊசலாடுகிறது.

அது என்றென்றும் ஊசலாடாது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் டிடிஎல் என்ற ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைக் கொன்றுவிடும். பல கணினிகள் 64இல் தொடங்குகின்றன. அதாவது ஒரு பாக்கெட் அறுபது முறைபோல அந்த இணைப்பைக் கடந்துவிட்டுத்தான் சாகும். போகும் திசையில் பாதி, வரும் திசையில் பாதி. செத்த ஊருக்கு யாரோ நொடிக்கு 10 மெகாபிட் அனுப்பினால், திருச்சி–துறையூர் இணைப்பில் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 300 மெகாபிட் ஓடும். ஒரு மலையூருக்கு இணைப்பு போனது; அதற்காக துறையூர் வட்டாரமே மெதுவாகிறது. புகார் வருவதும் துறையூரிலிருந்துதான் வரும், மலையிலிருந்து அல்ல. அங்கே பேசுவதற்கு இணைப்பே இல்லையே.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. `traceroute` ஓட்டினால் இரண்டே முகவரிகள் மாறிமாறி வரும்.

```
 3  10.20.255.2
 4  10.20.255.1
 5  10.20.255.2
 6  10.20.255.1
```

வழி அறுந்திருந்தால் நட்சத்திரக் குறிகள் வரும். இப்படி இரண்டு முகவரிகள் ஊசலாடினால், ஒரு பக்கம் திரட்டிய வரியும் மறுபக்கம் டீபால்ட் வழியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

ஆர்எப்சி 1519இன் இரண்டாவது விதி இதற்காகவே எழுதப்பட்டது. பல முன்னொட்டுகளைத் திரட்டி ஒரே வரியாக அறிவிக்கும் ரவுட்டர், அந்தத் திரட்டுக்குப் பொருந்தி உள்ளே எந்தச் சிறு வரிக்கும் பொருந்தாத பாக்கெட்டை எறிந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். துறையூரில் இது ஒரே வரி.

```
ip route add blackhole 10.20.32.0/20
```

சிஸ்கோ ரவுட்டரில் `ip route 10.20.32.0 255.255.240.0 Null0` என்று எழுதுவார்கள். இந்த வரி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பைபர் நலமாக இருக்கும்போது /24 அதைவிட நீளம். ஆகவே இந்தக் குப்பைத்தொட்டி வரி குறுக்கே வராது. பைபர் அறுந்து /24 நீங்கியதும், /0ஐவிட /20 நீளம். ஆகவே பாக்கெட் திருச்சிக்குத் திரும்பாமல் அங்கேயே கொட்டப்படும். முதல் விதியே இரண்டாவது விதியை நடத்திக்கொடுக்கிறது. மனிதர் செய்ய வேண்டியது அந்த ஒரு வரியை எழுதுவது மட்டும்.

பழுதே இல்லாத நாளிலும் இந்தச் சுழல் நேரும். நாம் பார்த்த நான்காவது பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள். 10.20.200.1 யாருக்கும் கொடுக்கப்படாத முகவரி என்று வைப்போம். திருச்சி அதை /16ஐப் பார்த்து மாநகர ரவுட்டருக்கு அனுப்புகிறது. மாநகர ரவுட்டரில் அப்படி ஒரு வரி இல்லாமல் டீபால்ட் திருச்சியைக் காட்டினால், அங்கும் அதே ஊசல். வைரஸ் பிடித்த ஒரே ஒரு கணினி முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கினாலே போதும், இணைப்பு நிறைந்துவிடும். முகவரியைத் திரட்டி அறிவிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த வரி வேண்டும்.

இந்த விதிகள் எதுவும் எட்டாத ஒரு பழுதும் உண்டு. மைக்ரோவேவ் கருவியில் விளக்கு எரிகிறது, திருச்சி ரவுட்டருக்கு இணைப்பு உயிரோடு இருப்பதாகவே தெரிகிறது. ஆனால் ரிலே கோபுரத்துக்கு அப்பால் மலை முனையில் கருவி நின்றுவிட்டது. வரியைக் கையால் எழுதியிருந்தால் /24 பட்டியலிலேயே இருக்கும். பின்னால் நல்ல பைபர் வழி காத்திருந்தாலும் ரவுட்டர் அதைப் பார்க்காது. நீளமான பொருத்தம் அந்த வழி போய்ச் சேருமா என்று கேட்பதில்லை; பட்டியலில் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. மறுமுனையோடு அடிக்கடி பேசிப் பார்த்து, பதில் வராவிட்டால் வரியை நீக்கும் ஏற்பாட்டைத் தனியாகச் செய்ய வேண்டும்.

உலகமே ஒரு /24ஐப் பின்தொடர்ந்த இரவு

இதுவரை ஒரே நிர்வாகத்தின் ரவுட்டர்களைப் பார்த்தோம். ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் நிறுவனங்களின் ரவுட்டர்களும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவை. அதன் விளைவை உலகம் 2008 பிப்ரவரி 24 அன்று கண்டது. அன்றைய நிகழ்வுகளை ஐரோப்பிய முகவரிப் பதிவகமான ரைப் என்சிசி நிமிடக் கணக்கில் பதிவு செய்திருக்கிறது. அந்த நேரங்களை இந்திய நேரத்துக்கு மாற்றிச் சொல்கிறேன். நமக்கு அது 25ஆம் தேதி பிறந்த நள்ளிரவு.

யூடியூப் அப்போது 208.65.152.0/22 என்ற முன்னொட்டை அறிவித்திருந்தது. மூன்றாவது எண் 152 முதல் 155 வரை, மொத்தம் 1024 முகவரிகள். பாகிஸ்தானில் யூடியூப்பைத் தடுக்கும்படி அரசு ஆணையிட்டிருந்தது. பாகிஸ்தான் டெலிகாம், தன் வலையமைப்பில் 208.65.153.0/24 என்ற வழியை உருவாக்கிப் போக்குவரத்தைத் தன்னிடம் இழுத்தது. நாட்டுக்குள் இருக்க வேண்டிய அந்த வரி இரவு 12:17க்கு வெளியே கசிந்தது. அதற்கு மேலிணைப்பு கொடுத்த ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம், வாடிக்கையாளர் சொன்ன வரியைச் சரிபார்க்காமல் உலகுக்கு எடுத்துச் சொன்னது.

உலக ரவுட்டர்களின் பட்டியலில் இப்போது ஒரு /22ம் அதற்குள் ஒரு /24ம் இருந்தன. யார் உரிமையாளர் என்ற கேள்வி ரவுட்டருக்குக் கிடையாது. 24 பெரியது. நம் ஐந்தாவது பாக்கெட்டான 208.65.153.238 திருச்சியிலிருந்து டீபால்ட் வழியில் ஏறியிருந்தாலும், மேலே முழுப் பட்டியல் வைத்திருக்கும் ஏதோ ஒரு ரவுட்டரில் அந்த /24ஐச் சந்தித்து பாகிஸ்தானை நோக்கித் திரும்பியிருக்கும்.

யூடியூப் பொறியாளர்கள் எடுத்த நடவடிக்கையின் வரிசையே ஒரு பாடம். 1:37க்கு அவர்களும் அதே 208.65.153.0/24ஐ அறிவித்தார்கள். நீளம் சமமாயிற்று. நம் துறையூர்க் கணக்கில் பார்த்ததுபோல, சமமானால்தான் மற்ற அளவுகோல்கள் பேசும். இடையில் எத்தனை வலையமைப்புகள் என்ற கணக்கில் யூடியூப்புக்கு அருகில் இருந்தவர்கள் திரும்பினார்கள், பாகிஸ்தானுக்கு அருகில் இருந்தவர்கள் திரும்பவில்லை. 1:48க்கு அதையே இரண்டாக வெட்டி, 208.65.153.0/25, 208.65.153.128/25 என்று அறிவித்தார்கள். இப்போது 25 பெரியது. அவற்றை ஏற்ற ரவுட்டர்கள் உடனே யூடியூப்புக்குத் திரும்பின. ஆனால் பட்டியல் பெருத்துவிடும் என்பதற்காக, /24க்கு மேல் நீளமான அறிவிப்பைப் பல நிறுவனங்கள் வாசலிலேயே தடுத்துவிடுவது வழக்கம். அங்கெல்லாம் இந்த மருந்து போய்ச் சேரவில்லை. 2:31க்கு பிசிசிடபிள்யூ தவறான வரியைத் திரும்பப் பெற்றபோதுதான் நிலைமை முழுதும் சீரானது. இரண்டேகால் மணி நேரம்.

நீளத்தால் வந்த தாக்குதலை நீளத்தாலேயே எதிர்கொள்ளலாம் என்பது இதில் தெரிகிறது. அதற்கு /24 என்ற கூரை இருக்கிறது என்பதும் தெரிகிறது. தாக்கியவர் முதலிலேயே /24ஐ அறிவித்துவிட்டால், உரியவருக்கு அதற்கு மேல் ஏற இடமில்லை.

இன்று ஆர்பிகேஐ என்ற ஏற்பாடு இருக்கிறது. இன்ன முன்னொட்டை இன்ன வலையமைப்பு மட்டும், இன்ன நீளம் வரை அறிவிக்கலாம் என்று முகவரிக்கு உரியவர் கையொப்பமிட்டுப் பதிவுசெய்கிறார். சரிபார்க்கும் ரவுட்டர், அதற்கு முரணான வரியைப் பட்டியலுக்குள்ளேயே விடாது. நீளப் போட்டி நடப்பதற்கு முன்னரே ஆள் வெளியே. ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. வசதிக்காக, /22ஐ மட்டும் அறிவிக்கும் ஒருவர் /24 வரை அனுமதி என்று தாராளமாக எழுதிவைத்துவிட்டால், உரியவரின் வலையமைப்பு எண்ணைப் போலியாகச் சேர்த்து /24 அறிவிக்கும் ஒருவர் அந்தச் சோதனையில் தேறிவிடுவார். வரியைத் தொடங்கியவர் யார் என்பதைத்தான் அது சரிபார்க்கிறது. இடையில் வந்த பாதையை அல்ல. உண்மையில் அறிவிக்கும் நீளத்தை மட்டும் எழுதுவதே சரி.

முடிவாக

இந்த விதி ரவுட்டர்களின் பட்டியலைச் சுருக்கியதும் உண்மை. ஓர் ஊராட்சிக்கு ஒரு /24 என்றால் ஏறத்தாழ 12,500 வரிகள் வேண்டும். பதினாறு பதினாறாக /20இல் திரட்டினால் 800க்கும் குறைவான வரிகளில் தமிழ்நாடு முழுவதும் அடங்கிவிடும். அடுத்தடுத்த ஊர்களுக்கு அடுத்தடுத்த எண்களைக் கொடுத்தால் மட்டுமே அது நடக்கும். வந்தவருக்கு வந்த எண் என்று கொடுத்தால் திரட்டவே முடியாது.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் பலர் நாளை ஏதோ ஓர் ஊராட்சிக்கோ வங்கிக்கோ கல்லூரிக்கோ பட்டியல் எழுதப் போகிறவர்கள். அவர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன். திரட்டிய முன்னொட்டை அறிவிக்கும் அதே நாளில், அதே ரவுட்டரில், அதற்கான பிளாக்ஹோல் வரியையும் எழுதுங்கள். இணைப்பை ஒப்படைக்கும் முன் ஒரு கம்பியை நீங்களே பிடுங்கி, `traceroute` ஓட்டி, பாக்கெட் ஊசலாடுகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் சொல்லும் எந்த முன்னொட்டையும், அது அவருடையதுதானா என்று சரிபார்க்காமல் மேலே எடுத்துச் செல்லாதீர்கள். நீளமானது வெல்லும் என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அந்த நீளமான வரி பட்டியலில் இருக்கத் தகுதியுள்ளதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.